கவரிங் லெட்டர்

நான் முதன்முதலில் எழுதிய கடிதத்தில் எனக்குக் காய்ச்சல். ஆறாம் வகுப்பு படித்தபோது, காங்கேயத்தில் மாமா வீட்டுக் கிடாவெட்டுக்கு இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. எங்கள் ஆங்கில வாத்தியார் சொல்லிக்கொடுத்த லீவ் லெட்டரில் காய்ச்சலைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்கும் இடம் கிடையாது. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று ஆரம்பித்துவிட்டால் போதும், தண்டவாளத்தில் ஏற்றிவிட்ட வண்டி மாதிரி ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ வரைக்கும் அதுவே போய் நின்றுவிடும். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். வருஷம் முழுக்க நாற்பத்திரண்டு பேருக்கும் காய்ச்சல்தான் வந்தது. ஒருத்தனுக்குக்கூட வயிற்றுப்போக்கு வரவில்லை. அதற்கு ஸ்பெல்லிங் தெரியாது.

அந்தக் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்பது போன வருஷம்தான் தெரிந்தது. நாற்பத்தொரு வயதில், பதினான்கு வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம்’ என்று கை தானாக எழுதிவிட்டது. அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் அந்த ‘ஆம்’ பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுப் பையருக்கும் நம்மூர் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்குகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்த நாளிலிருந்து பெட்டி கன்டெய்னரில் ஏறுகிற நாள்வரை, நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று ஒரு அட்டவணை போட வேண்டும். பிறகு அந்தத் தேதிகள் ஒவ்வொன்றாகத் தவறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அட்டவணைக்கு டி அண்ட் ஏ என்று பெயர். விரித்தால் டைம் அண்ட் ஆக்‌ஷன். டைம் ஓடும். ஆக்‌ஷன் சாயங்காலம் முதலாளி வந்த பிறகு நடக்கும்.

எங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, இரண்டு யூனிட்டை ஒன்றாக்கிவிட்டார்கள். என் நாற்காலியில் இன்னொருத்தர் பாதி உட்கார ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டு வந்தது. குழந்தைகள் ஆடை தைக்கிற ஒரு கம்பெனிக்கு சீனியர் மெர்ச்சண்டைசர் தேவை. பதினோரு வரி. கடைசி வரியில், ரெஸ்யூமோடு கவரிங் லெட்டரும் அனுப்பவும் என்று போட்டிருந்தது.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் பெரியப்பா இருக்கிறார். ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் டைம் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஆள் எடுப்பது, லீவ் கொடுப்பது, சம்பளம் பிடிப்பது மூன்றும் அவர் மேஜைதான். அவர் படித்துத் தள்ளிவிட்ட விண்ணப்பங்களை அடுக்கினால் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் படி கட்டலாம். ராத்திரி மூன்று மணிவரை உட்கார்ந்து எழுதிய கடிதத்தைக் காலையில் அவரிடம் கொண்டுபோனேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பத்தியைப் படித்தார். இரண்டாவது பத்திக்குப் போகவில்லை.

“இதென்ன கண்ணு, பேரே கவரிங் லெட்டருன்னு வெச்சுட்டாங்க, சரி. அதுக்குன்னு உள்ள இருக்கறதும் கவரிங்காவா இருக்கோணும்?”

நான் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: தங்கள் மேன்மைமிகு நிறுவனத்தில் ஒரு பணியிடம் காலியாக இருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் மூலம் அறிந்து, மேற்படி பணியிடத்துக்கு என்னைப் பரிசீலிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கடின உழைப்பும், நேர்மையும், குழுவாக இணைந்து செயல்படும் பண்பும் கொண்ட நான், தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உறுதுணையாக இருப்பேன்.

“நம்பத்தகுந்த வட்டாரம்னா யாரு?”

“வாட்ஸ்அப்புங்க பெரியப்பா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷமாகத் துடைத்த கண்ணாடி.

இந்தக் காலியிட வரி நம் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய வரி. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஓர் இளைஞர் விண்ணப்பம் போட்டார். தங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருப்பதாக அறிகிறேன் என்றுதான் அதுவும் ஆரம்பிக்கிறது. மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில காரணங்களால் மேலே படிக்க முடியவில்லை, நேரம் முழுவதையும் கணிதத்தில்தான் செலவிடுகிறேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்று போகிறது. எழுதியவர் சீனிவாச ராமானுஜன். அதற்கு முந்தைய வருஷம்தான் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்திருந்தது. அதைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது. துறைமுகக் கணக்கு எழுத ஆள் தேடுகிறவருக்குத் தன் கணிதம் எந்த வகையில் உதவும் என்ற வரியும் கிடையாது. மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்துவிட்டார். மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசு கூடவே இருந்தது. தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். அந்த மாதிரி கடிதம் எழுதி வேலை வாங்க வேண்டுமென்றால் நாம் ராமானுஜனாக இருக்க வேண்டும். படிக்கிறவர் நாராயண ஐயராக இருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட என் கையில் இல்லை.

மறுநாள் இரண்டாவது கடிதத்தைக் கொண்டுபோனேன். இந்த முறை என்னைப் பற்றி நிறைய எழுதியிருந்தேன். பி.காம். எந்தக் காலேஜ், எந்த வருஷம், பதினான்கு வருஷத்தில் என்னென்ன கம்பெனி, என்னென்ன பையர், எக்செல் தெரியும், ஆங்கிலம் தெரியும், இந்தி புரியும்.

“பொண்ணு கேக்கப் போறயா?” என்றார் பெரியப்பா. “சாதகம் ரெஸ்யூமில இருக்குதல்லோ. அதையே இங்கயும் எதுக்கு ஒப்பிக்கறே? முதல் பத்தில நீ யாருன்னு அவனுக்கு வேண்டாங்கண்ணு. அவனுக்கு எங்கயோ வலிக்குது, அதுக்குத்தான் ஆள் தேடறான். எங்க வலிக்குதுன்னு உனக்குத் தெரியுமான்னு பார்ப்பான். முந்தி எங்கயாச்சும் அந்த வலிய நீ தீத்திருக்கறயான்னு பார்ப்பான். அவ்வளவுதான்.”

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஆறு மாசத்துக்கு முன்பு, யாரிடமும் சொல்லாமல் ஒரு பையிங் ஆபீஸுக்கு விண்ணப்பித்திருந்தேன். அந்தக் கடிதத்தில் சாதனை எல்லாம் இருந்தது. கட்டிங்கில் துணி வீணாவதைக் குறைத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். மார்க்கர் போடுகிறபோது இரண்டு சைஸைச் சேர்த்துப் போட்டால் நடுவில் விழும் சந்து எப்படிக் குறைகிறது என்று, எனக்கே படித்தால் கண் கலங்கும் அளவுக்கு எழுதியிருந்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவர் கடிதத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா எங்க ஆபீஸ்ல ஒரு கத்தரிக்கோல்கூட இல்லீங்களே” என்றார். பையிங் ஆபீஸ் துணி வெட்டுவதில்லை. பையருக்காக ஃபேக்டரிகளைத் தேடிப் பிடித்து, விலை பேசி, தரம் பார்த்து வாங்கிக்கொடுப்பதுதான் அவர்கள் வேலை. துணி வீணானால் அது ஃபேக்டரிக்காரர் தலைவலி. டீ கொடுத்து அனுப்பினார்கள். என் சாதனை சுத்தத் தங்கம்தான்; நான் அதைக் கொண்டுபோனது பாத்திரக் கடைக்கு.

ஆகவே இந்த முறை எழுதுவதை விட்டுவிட்டு, விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். கடிதம் எழுதுவதற்கு முன்னால் விளம்பரத்தை முழுசாகப் படிக்க வேண்டும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதுவரை நான் விளம்பரத்தில் படித்தது சம்பளத்தையும் மெயில் முகவரியையும்தான்.

பதினோரு வரியில் ஆறு வரி எந்தக் கம்பெனி விளம்பரத்திலும் இருக்கிற வரி. சுறுசுறுப்பானவர், குழுவாக வேலை செய்பவர், எக்செல் தெரிந்தவர், அழுத்தத்தைத் தாங்குபவர், சொந்தமாக இரு சக்கர வாகனம் உள்ளவர், உடனே சேரக்கூடியவர். இதையெல்லாம் பென்சிலால் அடித்தேன். மிச்சம் ஐந்தில் ஒரே சங்கதி மூன்று வேஷத்தில் வந்திருந்தது. ஒரு வரியில் டி அண்ட் ஏ தவறாமல் கடைப்பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று இருந்தது. இன்னொன்றில், அப்ரூவல்களைப் பையரிடமிருந்து உரிய நேரத்தில் வாங்க வேண்டும். மூன்றாவது வரிதான் வாய் தவறி வந்த வரி: ஏர் ஷிப்மென்ட்டைத் தவிர்ப்பதில் அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை.

திருப்பூரில் ‘ஏர்’ என்பது கெட்ட வார்த்தை. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் சரக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மாசம். நாம் தேதியைத் தவறவிட்டால் பையர் மூன்று வழி சொல்வார்: விலையைக் குறை, இல்லை உன் செலவில் விமானத்தில் அனுப்பு, இல்லை ஆர்டர் கேன்சல். விமானக் கட்டணம் கப்பலைப்போலப் பல மடங்கு. அந்த ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிட்டு, அடுத்த ஆர்டரின் லாபத்துக்கும் இலை போட்டு உட்கார்ந்துவிடும். ஒரு விளம்பரத்தில் இந்த வார்த்தையை அச்சடிக்கிறார்கள் என்றால், சமீபத்தில் யாரோ ஒரு பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என்னோடு முன்பு வேலை செய்த ஒருத்தர் அந்தக் கம்பெனி பேக்கிங்கில் இருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன். “ஆமாங்ணா, போன சீசன்ல ரெண்டு ஸ்டைல் ஏர் போச்சு. முதலாளி அந்த பில்ல பாக்கெட்லயே வெச்சிருக்காரு. கல்யாண வீட்லகூட எடுத்துக் காட்டறாரு.”

இதைக் கடிதத்தில் போட்டுவிடலாம் என்று எனக்கு ஒரே பரபரப்பு. பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார். “அவன் வூட்டு இழவ நீ போயி அவனுக்கே சொல்றதா? விளம்பரத்தில அவனே சொன்னத மட்டும் திருப்பிச் சொல்லு. மிச்சம் உம்மனசுல இருக்கட்டும்.”

வலி கிடைத்துவிட்டது. இனி மருந்து. நான் என்ன சாதித்தேன் என்று யோசித்தபோது முதலில் ஞாபகம் வந்தது, ஒரு தீபாவளிக்குச் சிறந்த ஊழியர் என்று கொடுத்த பிரஷர் குக்கர். அது மூடியோடு சேரவே இல்லை. அப்புறம் பதினான்கு வருஷம் வேலைக்குப் போனேன். அதுவே சாதனை என்று எனக்குத் தோன்றியது. “உங்களுக்கா, எனக்கா?” என்றாள் மனைவி. அவள்தான் கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டாள்: “ஏனுங்க, அந்தக் கம்பெனியில நீங்க இல்லாம இருந்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?”

கேள்வி கொஞ்சம் குரூரமாக இருந்தாலும் அதற்கு ஒரு பதில் இருந்தது. லேபிள்.

பனியனின் உள்பக்கம், இடுப்புக்கு மேலே சைடு தையலில் ஒரு சின்ன வெள்ளை நாக்கு தொங்கும், பார்த்திருப்பீர்கள். நூறு சதவீதம் பருத்தி, இத்தனை டிகிரியில் துவைக்கவும், பிளீச் போடாதே, இந்தியாவில் தயாரானது என்று பல மொழியில் எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உறுத்துகிறது என்று நாம் முதல் வேலையாக வெட்டி எறிவோமே, அதுதான் கேர் லேபிள். அதற்கு ஒரு விசேஷம் உண்டு. சைடு தையலுக்குள்ளேயே வைத்துத் தைக்க வேண்டும் என்பதால், லேபிள் வராமல் சைடு அடிக்க முடியாது. தோள் தைத்து, கை வைத்து, கழுத்து முடித்து, ஆறாயிரம் பீஸ் இரண்டு விலாவும் திறந்தபடி மலையாகக் குவிந்து கிடக்கும். டெய்லர்கள் உட்கார்ந்து கதை பேசுவார்கள். ஒரு ரூபாய்கூடப் பெறாத துண்டுத் துணிக்காக ஒரு கன்டெய்னரே காத்திருக்கும்.

ஒரு வருஷம் எங்கள் டிவிஷனில் 40 ஆர்டர் போயின; 9 ஆர்டர் தேதி தவறின. அந்த ஒன்பதின் ஃபைலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தபோது ஆறில் குற்றவாளி லேபிள்தான். ஏன் என்று நூல் பிடித்துப் போனால் காரணம் வெட்கக்கேடாக இருந்தது. எங்கள் கம்பெனியில் வழிவழியாக முதலில் துணி நிறம், அதாவது லேப் டிப், அப்ரூவல் வாங்குவார்கள். அது முடிந்து துணி உள்ளே வந்த பிறகுதான், “லேபிளுக்கு ஆர்ட்வொர்க் அனுப்பியாச்சா?” என்று ஒருத்தர் கேட்பார். அனுப்பினால் பையர் ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். ஒரு திருத்தம் சொல்வார். மறுபடி அனுப்பினால் அங்கே அவர்களுக்குக் கோடை விடுமுறை. அப்புறம் பிரிண்டர் பத்து நாள் கேட்பார். ஆனால் லேபிளில் எழுத வேண்டிய சங்கதி, துணியில் என்ன நூல் எத்தனை சதவீதம், எப்படித் துவைப்பது, எந்த நாட்டில் விற்பனை, எல்லாமே ஆர்டர் ஷீட் வந்த அன்றே கையில் இருக்கிறது. நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யாரோ ஒருத்தர் ஒரு காலத்தில் அட்டவணையில் நிறத்துக்குக் கீழே லேபிள் என்று எழுதினார். கீழே இருப்பதால் பிறகு செய்ய வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

நான் செய்தது அந்த ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டியது. ஆர்டர் உறுதியான முதல் வாரத்திலேயே லேபிள் ஆர்ட்வொர்க் பையருக்குப் போய்விட வேண்டும். கட்டிங் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னால் லேபிள் ஸ்டோரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரி சிவப்பாகிவிடும். மறு வருஷம் 38 ஆர்டரில் இரண்டுதான் தேதி தவறின. ஒன்றுகூட ஏர் போகவில்லை.

‘தேதி தவறிய ஆர்டர்களை 9லிருந்து 2ஆகக் குறைத்தேன்’ என்று மார்தட்டி எழுதிக்கொண்டு போனேன்.

பெரியப்பா விரலை விட்டு எண்ணினார். “ஒம்பதுல லேபிள்னால ஆறுன்னியே. அப்ப மிச்ச மூணு?”

“அது டையிங்ல லேட்டுங்க.”

“அடுத்த வருசம் அது எப்படிக் கொறஞ்சுது?”

“டையிங்க மாத்துனாங்க. முதலாளி தம்பி பார்த்துக்கிட்டாரு.”

“அப்ப முதலாளி தம்பி செஞ்சத எதுக்கு உம்பேர்ல வரவு வெக்கறே? உரசிப் பார்த்தா அங்கதாண்டா பித்தள தெரியும். ‘டையிங்குக்கு என்ன பண்ணுனே’ன்னு ஒரே ஒரு கேள்வி கேப்பான், நீ எச்சி முழுங்குவே. அப்புறம் அந்த ஆறயும் சேத்து நம்பமாட்டான்.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “லேபிள்னால மட்டும் எத்தனை லேட்டு, அடுத்த வருசம்?”

“ஒண்ணுங்க.”

“அது ஏன் லேட்டாச்சு?”

“அது வேற கதைங்க பெரியப்பா.”

“கேப்பாங்கடா.”

நான் பேச்சை மாற்றினேன். ஆனால் ஆறிலிருந்து ஒன்று என்று திருத்திக்கொண்டேன். ஒன்பதிலிருந்து இரண்டைவிட அது பார்வைக்குக் கொஞ்சம் இளைத்துத்தான் தெரிந்தது. என்ன செய்வது, அது முழுக்க என் சொந்தக் குழந்தை.

இதில் எனக்கு இன்னொரு கூச்சமும் இருந்தது. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது நம் வளர்ப்பில் இல்லை. தாழ்மையுடன் கெஞ்சலாம், கடின உழைப்பாளி என்று பொதுவாகப் புளுகலாம், ‘நான் இதைச் செய்தேன்’ என்று மட்டும் எழுதக் கை வராது. ‘செய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். பேய் வந்து செய்துவிட்டுப் போன மாதிரி. பெரியப்பாவிடம் சொன்னபோது, “நான் கெட்டிக்காரன்னு சொன்னாத்தான் பெருமை. நாப்பதுல ஆறு, முப்பத்தெட்டுல ஒண்ணுன்னா அது வெறுங் கணக்கு. கணக்குச் சொல்றதுக்கு எதுக்கடா வெக்கப்படறே?” என்றார்.

மூன்றாவது கடிதத்தில் வலியும் இருந்தது, மருந்தும் இருந்தது. இருந்தும் ஏதோ உதைத்தது. முதல் வரி, தங்கள் நிறுவனத்துக்கு ஷிப்மென்ட் தேதி முக்கியம் என்று அறிகிறேன். இரண்டாம் வரி, என் நிறுவனத்தில் லேபிள் தாமதத்தை இப்படிக் குறைத்தேன். ஒரே தண்டவாளத்தில் இரண்டு பெட்டி நிற்கிறது. நடுவில் கொக்கி மாட்டவில்லை. லேபிளுக்கும் அவர்கள் ஷிப்மென்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்குத் தெரியும். அதைப் படிக்கிற எச்.ஆர். பெண், காலையில் இருந்து நாற்பது கடிதம் பார்த்தவர், தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன்.

கொக்கி விளம்பரத்திலேயே இருந்தது. அது குழந்தைகள் ஆடை. பெரியவர்கள் பனியனுக்கு ஐந்தாறு சைஸ். குழந்தைகளுக்கு மூன்று மாதக் குழந்தையில் ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு வயது வரை போய்க்கொண்டே இருக்கும். சைஸ் கூடக் கூட லேபிள் வகையும் கூடும். எங்களுக்கு ஒரு ஸ்டைலுக்கு ஆறு லேபிள் என்றால் அவர்களுக்குப் பதினைந்துக்குக் குறையாது. எனக்கு வந்த காய்ச்சல் அவர்களுக்கு டைஃபாய்டாகத்தான் இருக்கும்.

நான்காவது முறை எழுதிய முதல் பத்தி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம். தமிழில் இப்படி இருக்கும்:

“ஏர் ஷிப்மென்ட் இல்லாமல் டி அண்ட் ஏ தேதிக்கு ஆர்டர்களை அனுப்பக்கூடிய மெர்ச்சண்டைசர் உங்களுக்குத் தேவை என்று விளம்பரத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் இப்போது பணிபுரியும் டிவிஷனில் ஒரு வருடம் 40 ஆர்டர்களில் 6 ஆர்டர்கள் கேர் லேபிள் வராததால் தாமதமாயின. லேபிள் ஆர்ட்வொர்க் அப்ரூவலை ஆர்டர் உறுதியான முதல் வாரத்துக்கே நான் மாற்றி அமைத்தேன். மறு வருடம் 38 ஆர்டர்களில் ஒன்று மட்டுமே அந்தக் காரணத்தால் தாமதமானது. சைஸும் லேபிள் வகையும் அதிகமாக உள்ள உங்கள் குழந்தைகள் ஆடை ஆர்டர்களிலும் இந்தத் தாமதம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அதே முறையில் சரிசெய்ய விரும்புகிறேன்.”

அவ்வளவுதான். பையர் பெயர் போடவில்லை. இன்றைய கம்பெனியின் பையர் பெயரை வெளியே சொல்கிறவன் நாளைக்கு இவர்கள் பையரையும் சொல்வான் என்று படிக்கிறவர் நினைப்பார். ‘ஏர் ஷிப்மென்ட்டை அறவே ஒழிப்பேன்’ என்று ஒரு வரி இருந்தது, அதையும் எடுத்தேன். சாயப்பட்டறை, மழை, கப்பல், துறைமுகம் எதுவும் என் பேச்சைக் கேட்டு நடப்பதில்லை. பி.காம். எங்கே படித்தேன் என்பதும் குக்கரும் ரெஸ்யூமுக்குள் போய்விட்டன. குக்கரை எடுக்க எனக்கு மனசில்லை.

அனுப்புவதற்கு முன்னால் பெரியப்பா ஒரு சோதனை வைத்தார். கம்பெனி பெயரை விரலால் மறைத்துக்கொண்டு பத்தியை மனைவியிடம் படித்துக்காட்டச் சொன்னார். “இது எந்த மாதிரி கம்பெனிக்கு எழுதுனதும்மா?” என்று அவளைக் கேட்டார். “புள்ளைங்க துணி தைக்கற கம்பெனி, லேட்டா அனுப்பி மாட்டிக்கிட்டவங்க போலிருக்குது” என்றாள். முதல் கடிதத்துக்கும் அதே சோதனையை வைத்தார். அவள் யோசித்துவிட்டு, “கூட்டுறவு பேங்க்குங்களா?” என்றாள்.

பிறகு மனைவியின் போனுக்கு மெயில் அனுப்பி, நின்றுகொண்டே படிக்கச் சொன்னேன். எச்.ஆர். ஆட்கள் பாதிக் கடிதத்தைப் போனில்தான் பார்க்கிறார்கள். மேலே தேதி, என் முகவரி, அவர்கள் முகவரி, பொருள், பார்வை என்று ஒரு ஸ்க்ரீன் முழுக்க நிரம்பி, பத்தி எங்கேயோ கீழே பாதாளத்தில் கிடந்தது. கடிதத்தை மெயிலிலேயே ஒட்டி, முகவரிகளை எல்லாம் அடியில் தள்ளினேன். லீவ் லெட்டர் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பார்த்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

நான்காம் நாள் போன் வந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

ஜி.எம். ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேஜையில் என் ரெஸ்யூம் மூடிக் கிடந்தது. பக்கத்தில் கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார். ‘முதல் வாரத்துக்கே’ என்ற இடத்தில் பேனாவால் ஒரு சுழி.

“லேப் டிப்புக்கு முன்னாடியே லேபிள் அனுப்புனா, பையர் அப்புறம் ஆர்டர் குவான்டிட்டிய மாத்திட்டா என்ன பண்ணுவீங்க?”

நல்ல கேள்வி. ஆர்ட்வொர்க் அப்ரூவலைத்தான் முன்னால் கொண்டுவருகிறோம், பிரிண்ட் ஆர்டரை அளவு உறுதியான பிறகுதான் கொடுக்கிறோம். அப்ரூவல் கையில் இருந்தால் பிரிண்டருக்குப் பத்து நாள் போதும் என்றேன். அம்மா தலையாட்டினார். எந்த பிரிண்டர், ஸ்டோரில் யார் எண்ணி வாங்குவார்கள், சிவப்பு வரியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாம் நான் செய்த வேலை. பதில் தானாக வந்தது. பி.காம். பற்றியும் இந்தி பற்றியும் யாரும் கேட்கவில்லை. இருபது நிமிஷம் லேபிள் பற்றியே பேசினோம். டீ வந்தது. இந்த டீ வேறு மாதிரி டீ என்று எனக்குத் தோன்றியது.

கடைசியாக அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து மறுபடி பார்த்தார்.

“முப்பத்தெட்டுல ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. அந்த ஒண்ணு ஏன் லேட்டு?”

பெரியப்பா முகம் கண்முன்னே வந்து போனது. பையரிடமிருந்து ஒரு திருத்தம், துவைக்கிற குறி ஒன்றை மாற்றச் சொல்லி, ஒரு புதன்கிழமை மெயில் வந்தது. அடுத்த திங்கள்கிழமை வரை அதை யாரும் திறக்கவில்லை. அதற்குள் பிரிண்டர் எங்களுக்கு ஒதுக்கிய நாளில் வேறொருத்தர் வேலையை ஏற்றிவிட்டார். ஒன்பது நாள் போனது. மெயில் என் பெயருக்குத்தான் வந்தது. நான் ஆபீஸில் இல்லை. லீவ் லெட்டர் கொடுத்திருந்தேன்.

“அந்த நாலு நாள் எனக்குக் காய்ச்சலுங்க மேடம்.”

அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பது வருஷம் ஆள் வைத்து வேலை வாங்கியவர் பார்வை.

“யாருக்குக் கல்யாணம்?”

“மச்சினிக்குங்க” என்றேன்.